ஒரே சதவீதத்தில் நிற்கும் விண்டோஸ் அப்டேட்: பென்னாகரம் கடையில் சில வருட அனுபவம்

பென்னாகரத்தில் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பக் கடை வைத்திருக்கிறேன். விண்டோஸ் 10 காலத்தில் வாங்கிய டெஸ்க்டாப்கள்தான் ஓடுகின்றன, எல்லாம் ஹார்ட் டிஸ்க் போட்டவை. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு முடிந்தது. அதையொட்டி, தகுதியுள்ள சிஸ்டங்களை விண்டோஸ் 11-க்கு மாற்றினேன். பக்கத்துக் கடைக்காரர்கள் என்னிடம் அதிகம் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, அப்படியே நிக்குது, ஆஃப் பண்ணிடலாமா?"

திரையில் தெரியும் சதவீதம் நேரத்தைக் காட்டுவதில்லை, எத்தனை கட்டம் முடிந்தது என்பதைத்தான் காட்டுகிறது. பெரிய அப்டேட்டில் முதலில் தனியாக ஒரு சின்ன விண்டோஸ் எழுந்து, பழைய அமைப்பை ஒதுக்கிப் புதியதைப் போடுகிறது. பிறகு ரீஸ்டார்ட் ஆகி, புது விண்டோஸ் ஒவ்வொரு கருவியையும் அடையாளம் கண்டு டிரைவர் ஏற்றுகிறது. ஏறத்தாழ 30 சதவீதத்துக்கு அப்புறம் வரும் இந்தக் கட்டத்தில்தான் எண் நகராமல் நிற்பதை அதிகம் பார்த்திருக்கிறேன். சின்னச் சின்னக் கோப்புகளை ஆயிரக்கணக்கில் எழுத வேண்டியிருப்பதால் ஹார்ட் டிஸ்க் திணறும். எஸ்எஸ்டி போட்ட சிஸ்டத்தில் அதே வேலை சட்டென்று முடிந்துவிடும்.

எனவே திரையை விட்டுவிட்டு கேபினெட்டைப் பாருங்கள். முன்புறச் சின்ன விளக்கு விட்டுவிட்டு மினுக்கினால் வேலை நடக்கிறது. காதை வைத்தால் டிஸ்க் கர கரவென்று சத்தம் போடுவதும் கேட்கும். அப்படியானால் சில மணி நேரம் ஆனாலும் தொட வேண்டாம். விளக்கே எரியாமல், திரையில் சுற்றும் புள்ளிகளும் உறைந்து, கேப்ஸ் லாக் விசைக்கும் பதில் இல்லையென்றால்தான் எனக்குச் சந்தேகம் வரும். அப்போதும் இரவு முழுக்க விட்டுவிட்டுக் காலையில் பார்ப்பேன்.

ஒரு சிஸ்டம் அப்படித்தான் 30-ஐத் தாண்டியதும் நின்றது. காலையில் வந்து பார்த்தபோதும் அதே எண், விளக்கில் அசைவே இல்லை. பிரிண்டர், கைரேகைக் கருவி, பென்டிரைவ் எல்லாவற்றையும் கழற்றி, கீபோர்டும் மவுஸும் மட்டும் விட்டேன். பவர் பட்டனைப் பத்து விநாடிக்கு மேல் அழுத்தி அணைத்து, மீண்டும் போட்டேன். "Undoing changes made to your computer" என்று வந்தது. பழைய விண்டோஸுக்கே திரும்புகிறது என்று அர்த்தம். இதுவும் நேரம் எடுக்கும். நடுவில் அணைத்தால் இரண்டு விண்டோஸும் இல்லாமல் போகலாம், அதனால் இங்கே பொறுமை இரட்டிப்பாக வேண்டும்.

திரும்பி வந்ததும் அப்டேட் பக்கம் 0xC1900101 - 0x30018 என்ற பிழை எண்ணைக் காட்டியது. முதல் பகுதி பொதுவாக டிரைவர் சிக்கலைக் குறிப்பது. இரண்டாவது பகுதி, ஏதோ ஒரு கருவியின் டிரைவர் நிறுவலுக்குப் பதில் சொல்லாமல் நின்றுவிட்டது என்கிறது. பல வருடங்களுக்கு முன் போட்ட கைரேகைக் கருவியின் டிரைவர் மேல்தான் எனக்குச் சந்தேகம். அதை நீக்கிவிட்டு, அட்மின் உரிமையுடன் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, கெட்டுப்போன விண்டோஸ் கோப்புகளைச் சரிசெய்யும் இந்த இரண்டு கட்டளைகளையும் ஓட்டினேன்:

```
DISM /Online /Cleanup-Image /RestoreHealth
sfc /scannow
```

முதல் கட்டளையும் ஒரே சதவீதத்தில் வெகுநேரம் நிற்கும், விட்டுவிடுங்கள். C டிரைவில் போதிய இடம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டேன். 20 ஜிபிக்குக் குறைந்தால் நான் ஆரம்பிப்பதே இல்லை. கருவிகளைக் கழற்றியபடியே மறுபடி ஓட்டியதும் அதே இடத்தைத் தாண்டிப் போய்விட்டது. பிறகு கைரேகைக் கருவிக்குப் புது டிரைவர் போட்டுக்கொண்டேன்.

பழைய விண்டோஸும் எழாத நிலை வந்தால், தொடர்ந்து இரண்டு மூன்று முறை பூட் ஆகாமல் போனதும் நீலநிற மீட்புத் திரை தானாக வரும். அதில் Troubleshoot, Advanced options, Uninstall Updates என்று போய்க் கடைசி அப்டேட்டை நீக்கலாம். சில சிஸ்டங்களில் இங்கே, டிஸ்க்கைப் பூட்டிப் பாதுகாக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமித்திருந்தால் அது aka.ms/myrecoverykey முகவரியில் கிடைக்கும். அப்டேட் போடும் முன்பே எடுத்து நோட்டில் எழுதி வையுங்கள்.

ஒரே ஒரு விஷயத்துக்கு மேலே சொன்ன கணக்கு பொருந்தாது. தயாரிப்பு நிறுவனத்தின் லோகோவோடு பயாஸ் அப்டேட் ஓடினால் எக்காரணம் கொண்டும் பவரைத் தொடாதீர்கள். பாதியில் நின்றால் மதர்போர்டே போகலாம். என் கடை யுபிஎஸ் சிறிது நேரம்தான் தாங்கும், அதனால் மாதாந்திர மின்தடை அறிவித்த நாளுக்கு முந்தைய இரவில் எந்தப் பெரிய அப்டேட்டும் தொடங்குவதில்லை.

மாறிய பிறகு ஏதாவது மென்பொருள் ஓடவில்லையென்றால், Settings-இல் Recovery பக்கத்தில் Go back இருக்கும். பத்து நாள் மட்டும்தான், அதற்கும் Windows.old கோப்புறை இருக்க வேண்டும். இடம் போதவில்லை என்று அதை அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள்.