அப்டேஷன், அப்கிரேடேஷன், இன்டிமேஷன்: பெயர்ச்சொல்லை மாற்றுவதா, வாக்கியத்தையே மாற்றுவதா?

இந்திய அலுவலக மின்னஞ்சல்களில் புழங்கும் இந்த மூன்று சொற்களும் ஒரே வகைப் பிழையல்ல. 'வேலிடேட்' என்பது 'வேலிடேஷன்' ஆவதைப் பார்த்து உருவானது அப்டேஷன். 'டிகிரேடேஷன்' போன்ற சொற்களின் சாயலில் வந்தது அப்கிரேடேஷன். ஆனால் அப்டேட், அப்கிரேட் இரண்டும் வினையாகவும் பெயராகவும் தாமே நிற்பவை என்பதால் அவற்றுக்கு விகுதி தேவையில்லை. இன்டிமேஷன் அகராதியில் உள்ள சொல்தான். ஆனால் இன்றைய பொது ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் மறைமுகமாக உணர்த்துவதையே குறிப்பதால், வெளிநாட்டு வாசகர் அதைத் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடும்.

வழக்கமான ஒரு மின்னஞ்சலை எடுத்துக்கொள்வோம்: "வெண்டர் பேங்க் டீடெய்ல்ஸ் அப்டேஷன் இஸ் பெண்டிங். கைண்ட்லி கிவ் இன்டிமேஷன் ஆஃப்டர் கம்ப்ளீஷன்."

முதல் வழி, பெயருக்குப் பெயர் மாற்றுவது. அப்டேஷனை எடுத்துவிட்டு அப்டேட் என்று போட்டால் சொல் சரியாகிவிடும். ஆனால் பெண்டிங் என்பது விவரங்களைத் திருத்தும் வேலையா, அல்லது அவற்றைப் பற்றி வரவேண்டிய தகவலா என்ற குழப்பம் புதிதாக வந்துவிடும். யார் செய்ய வேண்டும், எப்போதுக்குள் என்ற கேள்விகளும் அப்படியே இருக்கும்.

இரண்டாவது வழி, வினையாக எழுதுவது: "ப்ளீஸ் அப்டேட் த வெண்டர்ஸ் பேங்க் டீடெய்ல்ஸ் பை ஃப்ரைடே, அண்ட் லெட் மீ நோ வென் இட் இஸ் டன்." கட்டளை வினை வந்தவுடன் பெறுநரே செய்ய வேண்டியவர் என்பது தெளிவாகிறது, கெடுவையும் எழுதத் தோன்றுகிறது. வேலை கேட்கும் மின்னஞ்சல்களுக்கு நான் தயங்காமல் தேர்ந்தெடுப்பது இதைத்தான்.

இன்டிமேஷனில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையானது. நோட்டீஸ் என்று மாற்றினால் சில இடங்களில் எச்சரிக்கைக் கடிதம் போலத் தொனிக்கும். நோட்டிஃபிகேஷன் என்றால் செயலியிலிருந்து வரும் செய்தி நினைவுக்கு வரும். "இன்ஃபார்ம் அஸ்" என்ற எளிய வினைக்கு இந்தச் சுமை இல்லை. "வித்தவுட் ப்ரையர் இன்டிமேஷன்" என்னும் தொடருக்கு மட்டும் "வித்தவுட் நோட்டீஸ்" இயல்பாகப் பொருந்துகிறது.

பெயர்ச்சொல் வெல்லும் இடம் மின்னஞ்சலின் தலைப்பு வரி. அங்கே "சர்வர் அப்கிரேட் ஆன் சாட்டர்டே" என்பதே சுருக்கமானது. உள்ளே வரும் "அண்டர் அப்கிரேடேஷன்" என்பதற்கு "பீயிங் அப்கிரேடட்" என்று எழுத வேண்டும்.

ஆவணம் முழுவதும் ஒரே சொடுக்கில் மாற்றுவதை மட்டும் தவிர்க்க வேண்டும். வருமான வரிச் சட்டம் 1961-இன் 143(1) பிரிவின்கீழ் வரும் இன்டிமேஷன், சட்டமே பயன்படுத்தும் பெயர். படிவத்திலோ மெனுவிலோ அப்டேஷன் என்றே அச்சாகியிருந்தால், பெறுநர் அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருப்பதால், மேற்கோள் குறிக்குள் அப்படியே விட்டுவிட வேண்டும்.