சிங்கப்பூர் வேலையா, ஆஸ்திரேலியா குடியேற்றமா: 12ஆம் இடம் சொல்றது

சுங்கை சிப்புட்ல எங்க அக்கா பசங்க ரெண்டு பேருக்கும் மேஷ லக்னம், வெளிநாட்டைக் காட்டுற 12ஆம் இடம் மீனம். பெரியவனுக்கு பத்துக்குடைய சனி மீனத்துல, நாலுக்குடைய சந்திரன் கடகத்துலயே ஆட்சி, அதனால தொழில் மட்டும் வெளிய போகும், வீடு இங்கதான்னு சொன்னாங்க, சிங்கப்பூர் சரி. சின்னவனுக்கு சந்திரனே மீனத்துல, நாலாம் இடம்னா வீடு, தாய்மண், அதோட அதிபதி 12ல மறைஞ்சா அங்கயே தங்கிடுவான்னு படிக்கிறாங்க, ஆஸ்திரேலியா அவனுக்கு.

ஆனா 12 விரய ஸ்தானமும்தான், செலவு, ஆஸ்பத்திரி எல்லாம் அதுலதான் வருது, சம்பந்தப்பட்ட தசை நடக்கலைன்னா பயணம் கூடி வராதுன்னு சொல்வாங்க. முக்கியமா பொறந்த நேரத்த பாருங்க, லக்னம் சுமார் ரெண்டு மணி நேரத்துல மாறிடும், தோட்டத்துல பொறந்த பெரியவங்களுக்கு நேரம் ஞாபகத்துலதான் இருக்கும், லக்னம் தப்புனா 12ஆம் இடமே வேற ராசி ஆயிடும்.