வாராந்த முன்னேற்ற ஸ்லைட்: சென்ற வாரப் பிரதியா, நிலையான கட்டங்களா, எக்செல் இணைப்பா?

மட்டக்களப்பு மாவட்டத்தில் வாகரை, கிரான், வவுணதீவு ஆகிய மூன்று பிரதேசங்களில் 24 விவசாயக் கிணறுகளை அமைக்கும் ஒரு திட்டத்துக்கு, ஒவ்வொரு திங்கட்கிழமையும் முன்னேற்ற ஸ்லைட்களைத் தயாரிப்பது என் பொறுப்பாக இருந்தது. அந்த வேலையை மூன்று முறைகளில் செய்து பார்த்திருக்கிறேன். எது விரைவானது என்பதைவிட, புதுப்பிக்க மறந்த இடத்தை எது காட்டிக்கொடுக்கிறது என்பதே இவற்றை வேறுபடுத்துகிறது என்று கருதுகிறேன்.

முதலாவது, பெரும்பாலானோர் கைக்கொள்வது: சென்ற வாரக் கோப்பை வேறு பெயரில் சேமித்து எண்களை மாற்றுவது. இதில் தொடக்க உழைப்பு எதுவும் இல்லை. ஆனால் மாற்றப்படாத பழைய வரியும் புதிதாக எழுதிய வரியும் ஒரே தோற்றத்தில் நிற்கின்றன. மாரி மழை தொடங்கி நிலத்தடி நீர் உயர்ந்ததால் கிரானில் தோண்டும் வேலை நின்றிருந்த ஒரு வாரத்தில், “வேலை திட்டப்படி நடக்கிறது” என்ற முந்தைய வார வாசகம் என் கவனத்துக்குத் தப்பிக் கூட்டத்துக்குப் போய்விட்டது. சொற்களை மீண்டும் ஒருமுறை படித்தாலும் இத்தகைய தவறு கண்ணில் படாது. ஏனெனில் அந்த வாக்கியத்தில் பிழை ஏதும் இல்லை.

இரண்டாவது, பவர்பொயின்டின் `View > Slide Master` பகுதியில் நமக்கென ஓர் அமைப்பை உருவாக்குவது. `Insert Layout` மூலம் புதிய அமைப்பொன்றைச் சேர்த்து, `Insert Placeholder > Text` மூலம் எழுதுவதற்கான கட்டங்களை வரைய வேண்டும். கட்டத்துக்குள் இருக்கும் மாதிரி வரிகளை அழித்துவிட்டு, “வெள்ளிக்கிழமை வரை முடிந்த கிணறுகள், எண் மட்டும்” என்பது போன்ற அறிவுறுத்தலை எழுதலாம். இந்த அறிவுறுத்தல் தொகுக்கும்போது மட்டுமே தெரியும். திரையிடும்போதோ அச்சிடும்போதோ வராது. ஆகவே தலைப்புகளைக் கட்டங்களுக்குள் வைக்காமல், அதே அமைப்பில் சாதாரண எழுத்தாகப் பதிக்க வேண்டும். அப்போது நிரப்பத் தவறிய இடம், தலைப்பின் கீழ் வெறுமையாகத் தெரியும். பழைய செய்தி அங்கே ஒளிந்திருக்க வழியில்லை.

எண்களுக்கு அட்டவணையைச் செருகுவதைவிட, அட்டவணையின் கோடுகளையும் பிரதேசப் பெயர்களையும் இலக்குகளையும் (வாகரை 10, கிரான் 8, வவுணதீவு 6) அமைப்பிலேயே வரைந்துவிட்டு, முடிந்தவற்றுக்கு மட்டும் மூன்று சிறு கட்டங்களை விடுவது நல்லது. வாரந்தோறும் தட்டச்சு செய்ய வேண்டியவை அந்த மூன்று எண்களும், தடை என்ன, யார் எப்போது முடிவெடுக்க வேண்டும் என்ற சில வரிகளும் மட்டுமே. தடைக்கான கட்டத்தில் `Do not Autofit` என்பதைத் தெரிவு செய்யுங்கள். இல்லையேல் எழுத எழுத எழுத்துகள் சிறுத்து, பின்வரிசையில் இருப்பவர் படிக்க இயலாத பத்தியாகிவிடும். இறுதியில், வேண்டிய ஸ்லைட்களை வெறுங்கட்டங்களுடன் சேர்த்து `.potx` கோப்பாகச் சேமித்தால், அதை இருமுறை சொடுக்கும்போதெல்லாம் வெறுமையான புதிய கோப்பொன்று திறக்கும். அமைப்பை உருவாக்க எனக்கு ஒரு பிற்பகல் தேவைப்பட்டது. அதன்பின் எண்கள் கையில் இருந்தால் பத்து நிமிடங்களுக்குள் வேலை முடிந்தது.

இம்முறைக்கும் பலவீனம் உண்டு. அவசரத்தில் யாராவது கட்டத்துக்கு வெளியே தனி எழுத்துப் பெட்டி வரைந்தால் ஒழுங்கு குலையும். `View > Outline View` திறந்து பாருங்கள். அமைப்பிலேயே பதித்த தலைப்புகள், பெயர்கள், இலக்குகள் தவிர, ஸ்லைடில் இருந்தும் அங்கே தோன்றாத வரிகள் தனிப்பெட்டியில் எழுதப்பட்டவை. இடம் மாறிய கட்டங்களை `Home > Reset` பழைய இடத்துக்குக் கொண்டுவரும். தனிப்பெட்டிகளை அது தொடாது. நம் அலுவலகங்களில் இன்னொரு சிக்கலும் நேர்கிறது: வெளிக்கள அறிக்கை பாமினி எழுத்துருவில் வந்தால், அதை `Keep Text Only` முறையில் ஒட்டும்போது தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளின் குவியலே தெரியும். முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, எக்செல் தாளின் பகுதியை `Paste Special > Paste link` மூலம் ஸ்லைடுடன் பிணைப்பது. எண்ணைத் தட்டச்சு செய்யவே தேவையில்லை என்பதால் இதுவே மிக விரைவானதாகத் தோன்றும். ஆனால் பென்ட்ரைவில் கோப்புகளை எடுத்துச் சென்று வேறு மடிக்கணினியில் திறந்தால், அங்கே பாதை மாறியிருப்பதால் இணைப்பு அறுந்துவிடலாம். அப்போதும் ஸ்லைட் வெறுமையாகாமல், கடைசியாகப் பெற்ற எண்களின் படத்தையே காட்டிக்கொண்டிருக்கும். அதாவது முதல் முறையின் குறை இங்கே இன்னும் மறைவாகத் திரும்பி வருகிறது. `File > Info > Edit Links to Files` பகுதியில் `Update Now` அழுத்திப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

மூன்று எண்களுக்காக இந்த அபாயத்தை ஏற்க நான் விரும்பவில்லை. இரண்டாவது முறையையே தெரிவு செய்தேன். இரு கோப்புகளும் ஒரே கணினியில், ஒருவரின் பொறுப்பிலேயே இருந்து, பல வரிகள் கொண்ட செலவு அட்டவணையை வாரந்தோறும் காட்ட வேண்டியிருந்தால், அந்த ஒரு ஸ்லைடுக்கு மட்டும் இணைப்பைப் பயன்படுத்தலாம். அப்போதும் அந்த எக்செல் பகுதியின் மேல் மூலையில் வார முடிவுத் திகதியை ஒரு கலத்தில் வைத்து, அதையும் சேர்த்தே பிணைத்துவிடுங்கள். இணைப்பு அறுந்தால் சென்ற வாரத் திகதி அட்டவணையிலேயே நிற்கும்.