பொருள் பக்கத்தின் தலைப்பும் தேடல் சுருக்கமும்: எப்படி எழுதினால் எடுபடும்?

சொந்த இணையதளத்தில் ஸ்டீல் வாட்டர் பாட்டில் விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தேடல் முடிவில் தெரியும் பக்கத் தலைப்புக்கு இரண்டு யோசனைகள். ஒன்று, “கடைப் பெயர் | தரமான, அழகான வாட்டர் பாட்டில்”. மற்றது, “750 மி.லி. ஸ்டீல் வாட்டர் பாட்டில், அகல வாய் | கடைப் பெயர்”.

என் ஓட்டு இரண்டாவதற்குத்தான். நீளமான தலைப்பைத் தேடல் பக்கம் கடைசியில்தான் வெட்டும். வெட்டு விழுந்தாலும் போவது கடைப் பெயர் மட்டுமே, பொருள் தப்பிவிடும். பெயர் சொல்லித் தேடி வருகிற அளவுக்குக் கடை பிரபலம் என்றால் அதை முன்னால் வைக்கலாம். இன்னொன்று, வெட்டுவது இடத்தின் அகலத்தைப் பார்த்துத்தான், எழுத்தை எண்ணி அல்ல. ண, ஞ, ணை போன்றவை இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் ஆங்கிலத்துக்குச் சொல்லப்படும் “60 எழுத்து” கணக்கைத் தமிழுக்கு அப்படியே நம்பக் கூடாது. முக்கியமான சொல்லை முதலில் வையுங்கள்.

“ஸ்டீல் பாட்டில், வாட்டர் பாட்டில், பாட்டில் வாங்க” என்று அடுக்குவது மூன்றாவது வழி. இதைத் தொடவே வேண்டாம். இப்படித் திணித்த தலைப்பைக் கூகுள் ஒதுக்கிவிட்டு, பக்கத்தின் உள்ளே தெரியும் பெரிய தலைப்பான h1 போன்ற வேறு இடத்திலிருந்து தானே ஒன்றை எடுத்துக் காட்டலாம். அதனால் h1-உம் அதே பொருளைத்தான் சொல்ல வேண்டும். அதில் கடைப் பெயர் தேவையில்லை.

சரி, தேடல் முடிவில் தலைப்புக்குக் கீழே வரும் சுருக்கத்துக்கு வருவோம். “உயர்ந்த தரம், சிறந்த சேவை, உடனே வாங்குங்கள்” என்ற வரி எந்தப் பொருளுக்கும் பொருந்தும் என்பதால் எதையும் விற்காது. வாங்குபவர் மனதில் இருக்கும் சந்தேகத்துக்குப் பதில் சொல்லுங்கள்:

```html
<meta name="description" content="ஐஸ் கட்டி போட வசதியான அகல வாய். ஒற்றைச் சுவர் என்பதால் எடை குறைவு; சூடு நிற்காது. மாற்று மூடி தனியாகக் கிடைக்கும்.">
```

“சூடு நிற்காது” என்பதைப் பலர் மறைப்பார்கள். நான் அதைச் சுருக்கத்திலேயே போடச் சொல்வேன். பிளாஸ்க் தேடுபவர் உள்ளே வந்து ஏமாந்து திரும்ப மாட்டார், வாங்கிய பொருளைத் திருப்பி அனுப்பவும் மாட்டார். விலையை மட்டும் இதில் எழுதாதீர்கள். நீங்கள் மாற்றினாலும், கூகுள் மறுபடி பக்கத்தைப் படிக்கும்வரை பழைய விலையே தெரியக்கூடும்.

இந்தச் சுருக்கத்தால் தரவரிசை ஏறாது. கூகுளே அதைச் சொல்லியிருக்கிறது. கிளிக் வருமா வராதா என்பதில்தான் இதற்குப் பங்கு உண்டு. அதுவும் எப்போதும் காட்டப்படும் என்று உறுதியில்லை. தேடிய சொல்லுக்கு, உங்கள் பக்கத்திலேயே இருக்கும் வேறு வரி பொருத்தமாக இருந்தால் கூகுள் அதையே எடுத்துக்கொள்ளும். ஆகவே அகல வாய், ஒற்றைச் சுவர் எல்லாம் பக்கத்தின் விவரத்திலும் எழுத்தாக இருக்கட்டும், படத்துக்குள் மட்டும் வேண்டாம்.

எல்லாப் பொருளுக்கும் ஒரே சுருக்கத்தை ஒட்டுவதா, காலியாக விடுவதா? காலியாக விடுவதே மேல். நிறையப் பொருள்கள் இருந்தால் கொள்ளளவு, வாய், மூடி என்று விவரப் பட்டியலிலிருந்து வரி தானாக அமையும்படி செய்துவிட்டு, அதிகம் விற்பவற்றுக்கு மட்டும் கையால் எழுதுங்கள். அப்புறம் சில வாரம் கழித்து, கூகுளின் சர்ச் கன்சோல் கருவியில் அந்தப் பக்கம் தேடலில் எத்தனை முறை தெரிந்தது, எத்தனை கிளிக் வந்தது என்று பாருங்கள். இடம் மாறாமல் கிளிக் மட்டும் குறைவாகவே இருந்தால், முதலில் தலைப்பை மாற்றிப் பாருங்கள்.