விடாத தலைசுற்றல்: காதா, மூளையா?

குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டும் 55 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். சர்க்கரையும் பிரஷரும் உண்டு. விடியற்காலை தோட்டத்தில் நிற்கும்போது திடீரென்று தலைசுற்றல். அசையாமல் படுத்தாலும் குறையவில்லை, வாந்தியும் ஓயவில்லை. சாயங்காலம் வரை அதே நிலை. சி.டி. ஸ்கேன் நார்மல்.

இப்படி மணிக்கணக்கில் சுற்றினால் முக்கியமாக இரண்டை யோசிக்க வேண்டும். ஒன்று, உள்காதின் சமநிலை நரம்பில் அழற்சி. மற்றது, சிறுமூளையிலோ மூளைத்தண்டிலோ பக்கவாதம். கை கால் விழாமல், வாய் குழறாமல்கூட இந்தப் பக்கவாதம் வரும். சி.டி. ஸ்கேனில் பெரும்பாலும் தெரியாது. முதல் ஓரிரு நாளில் எம்.ஆர்.ஐ.யும் சிலரிடம் தவறவிடும். அங்கேதான் கண் கைகொடுக்கிறது.

மருத்துவர் தன் மூக்கையே பார்க்கச் சொல்லி, நோயாளியின் தலையைச் சட்டென்று சிறிதளவு திருப்புவார். வலது காது நரம்பு பழுதென்றால், வலப்பக்கம் திருப்பும்போது கண்ணும் தலையோடு போய்விடும்; பிறகு வெடுக்கென்று மூக்குக்குத் தாவி வரும். அந்தத் தாவல் தெரிந்தால் காதின் பக்கம் சாயலாம். பக்கவாதத்தில் பெரும்பாலும் அந்த நரம்புப் பாதை கெடாததால், கண் மூக்கை விட்டு அசையாது. ஆக, சுற்றல் நீடிக்கும்போது இந்தச் சோதனை நார்மலாக இருப்பதுதான் ஆபத்து. பலர் சறுக்கும் இடம் இது.

அடுத்தது கண் துடிப்பு: இமை அல்ல, கருவிழியே தானாக ஒரு பக்கம் மெல்ல நகர்ந்து, மறுபக்கம் வேகமாக வீசித் திரும்புவது. காது நோயில் எந்தப் பக்கம் பார்த்தாலும் துடிப்பின் வேகமான வீச்சு ஒரே திசையில், நல்ல காதை நோக்கியே இருக்கும். வலப்பக்கம் பார்த்தால் வலமாகவும் இடப்பக்கம் பார்த்தால் இடமாகவும் மாறினால் மூளை. மருத்துவர் இரு கண்களையும் மாறி மாறி மறைத்துத் திறக்கும்போது ஒரு கண் மேலும் கீழும் நகர்ந்து சரியானாலும் மூளைதான். இந்த மூன்று சோதனைகளில் ஒன்று மூளையைக் காட்டினாலே பக்கவாதத்தைச் சந்தேகிக்கப் போதும்.

நம் ஆளுக்குக் கண் தாவவில்லை, துடிப்பும் திசை மாறியது. எதையாவது பிடித்துக்கொள்ளாமல் உட்காரவும் முடியவில்லை. ஸ்கேன் நார்மல் என்று வீட்டுக்கு அனுப்பக்கூடாது. சிறுமூளை வீங்கினால் உயிருக்கே ஆபத்து என்பதால் ஆஸ்பத்திரியில் வைத்துக் கண்காணித்து எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும், அது தெளிவாக வந்தாலும் சந்தேகம் நீடித்தால் சில நாளில் மறுபடியும்.

புரண்டு படுக்கையில் மட்டும் அரை நிமிடம் சுற்றி நிற்பவருக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அது பெரும்பாலும் காதின் துகள் இடம்மாறிய கோளாறு. அங்கே கண் தாவாததைப் பார்த்துப் பக்கவாதம் என்று பயந்துவிடுவோம். அப்புறம், உள்காதுக்குப் போகும் ரத்தக்குழாயே அடைபட்டால் பக்கவாதத்திலும் கண் தாவும். அதனால் சுற்றலோடு ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால், கண் காதைக் காட்டினாலும் பக்கவாதமாகவே எண்ணிப் பார்க்க வேண்டும்.