4,500 ராண்ட் வாங்கிக்கொண்டு பாதி வேலை செய்தவர்: இன்வாய்ஸ் ஸ்பாமுக்குப் போகிறதா, பாருங்கள்

டர்பனில் மசாலா மொத்த வியாபாரம் செய்கிறேன். சொந்த டொமைனில் ஈமெயில் அமைத்துத் தர ஒருவரிடம் 4,500 ராண்ட் கொடுத்தேன். "எல்லாம் முடிந்தது அண்ணா" என்றார். நம்பிவிட்டேன்.

ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் ஒரு கடைக்கு 18,400 ராண்டுக்குச் சரக்கு அனுப்பினேன். பணம் வரவில்லை. ஆறு வாரம் கழித்துப் போன் போட்டால், "பில்லே வரவில்லையே" என்கிறார். அது ஸ்பாமில் விழுந்திருக்கிறது. ஜிமெயில் ஸ்பாமை 30 நாளில் அழித்துவிடும் என்பதால், அவர் தேடியபோது அங்கும் இல்லை.

அமைத்துக் கொடுத்தவரிடம் கேட்டேன். பெரிய மெயில்பாக்ஸ் வாங்க வேண்டும், இன்னும் 1,500 ராண்ட் ஆகும் என்றார். இதைத்தான் எல்லோரிடமும் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்: மெயில்பாக்ஸ் அளவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

என் ஜிமெயிலுக்கே ஒரு இன்வாய்ஸ் அனுப்பி, அந்த மெயிலின் மூன்று புள்ளி மெனுவில் `Show original` திறந்து பார்த்தேன். `SPF: SOFTFAIL` என்று இருந்தது. என் டொமைன் பெயரில் மெயில் அனுப்ப எந்த சர்வர்களுக்கு அனுமதி உண்டு என்று டொமைனின் பொதுப் பதிவேடான டிஎன்எஸ்ஸில் எழுதி வைப்பதுதான் எஸ்பிஎஃப். அதில் அவர் வெப்சைட் சர்வரை மட்டும் போட்டிருந்தார். நான் பில் அனுப்புவதோ அக்கவுண்டிங் மென்பொருளிலிருந்து. அதன் சர்வர் பட்டியலில் இல்லாததால், யாரோ என் பெயரில் அனுப்புவதுபோல ஜிமெயிலுக்குத் தெரிந்திருக்கிறது.

சொன்னதும் இரண்டாவதாக ஒரு எஸ்பிஎஃப் வரி சேர்த்தார். அதனால் நிலைமை இன்னும் மோசமானது. ஒரு டொமைனுக்கு ஒரே வரிதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் சோதனையே பிழையாகிவிடும். இரண்டு சேவைகளையும் ஒரே வரியில் எழுத வேண்டும், இப்படி:

```
v=spf1 include:webhost.example include:accounts.example ~all
```

பெயர்களை உங்கள் சேவைகள் தரும்படி மாற்றிக்கொள்ளுங்கள். பிறகு மென்பொருளின் அமைப்பில் கிடைத்த டிகிம் சாவியையும் டிஎன்எஸ்ஸில் சேர்த்தேன். டிகிம் என்பது மெயிலில் போடும் கையெழுத்து மாதிரி. கணக்காளருக்கு யாராவது பில் மெயிலை ஃபார்வர்டு செய்யும்போது எஸ்பிஎஃப் பெரும்பாலும் உடைந்துவிடும், டிகிம் பொதுவாக நிற்கும். கடைசியாக `v=DMARC1; p=none` என்று ஒரு டிமார்க் வரி, `_dmarc` என்ற பெயரில். இந்தச் சோதனைகளில் தேறாத மெயிலை என்ன செய்வது என்று பெறும் சர்வருக்குச் சொல்வது அது.

என் பக்கமும் தவறு இருந்தது. `URGENT!!! PAYMENT` என்று தலைப்பு வைத்தேன். மோசடிக்காரர்கள் எழுதுவதும் அப்படியேதான். இப்போது பில் எண், என் கடைப் பெயர், மாதம், அவ்வளவுதான். பில்லை அச்சடித்து ஸ்கேன் செய்து 11 எம்பிக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். மெயிலில் போகும்போது இணைப்பு மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும். அது 15 எம்பியை நெருங்கும். 10 எம்பிக்கு மேல் ஏற்காத அலுவலக சர்வரிலிருந்து அப்படியே திரும்பி வந்துவிடும். மென்பொருளே தரும் பிடிஎஃப் 100 கேபி சுமார்தான். அதை ஜிப் செய்யாமல், பாஸ்வேர்டு போடாமல் அனுப்புகிறேன். பூட்டிய கோப்புக்குள் இருப்பதை வடிகட்டியால் பார்க்க முடியாது.

யாரிடமாவது இந்த வேலையைக் கொடுத்தால், மீதிப் பணம் தருவதற்கு முன் உங்கள் பில் மென்பொருளிலிருந்தே ஒரு இன்வாய்ஸை ஜிமெயிலுக்கு அனுப்பச் சொல்லுங்கள். வெப்மெயிலிலிருந்து அனுப்பிக் காட்டினால் ஏற்காதீர்கள்; எனக்கு அப்படித்தான் காட்டினார். `Show original`-இல் SPF, DKIM, DMARC மூன்றுக்கும் `PASS` வந்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.