ஐந்து மதிப்பெண் விடைகளை நானே திருத்திய ஒன்றரை ஆண்டு

மேல்நிலை இரண்டாம் ஆண்டு வரலாற்றைத் தனித்தேர்வராக எழுத முடிவு செய்தபோது, ஐந்து மதிப்பெண் விடைகளைத் திருத்தித் தர எனக்கு ஆள் இல்லை. மொத்தம் 90 மதிப்பெண்ணில் 35 இந்த ஏழு வினாக்களில் இருப்பதால், பழைய தேர்வுகளின் விடைக்குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானே திருத்தத் தொடங்கினேன். முதல் இரண்டு மாதம் நாலரைக்குக் கீழே எதுவும் விழவில்லை. அதுவே சந்தேகத்தைக் கிளப்பியிருக்க வேண்டும், கிளப்பவில்லை.

எங்கள் தெருவில் வசிக்கும் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவரிடம் சம்பரான் சத்தியாகிரகம் குறித்து நான் எழுதிய விடையைக் காட்டினேன். நான் போட்டிருந்த நாலரையைப் பார்த்துவிட்டு, "தம்பி, எந்த வரிக்கு எவ்வளவு போட்டீர்கள் என்று அடிக்கோடிட்டுக் காட்டுங்கள்" என்றார். என்னால் காட்ட முடியவில்லை. விடைக்குறிப்பில் 'பின்னணி' என்று இருந்தால், பின்னணி போலத் தோன்றிய எந்த வரியையும் நான் முழு மதிப்பெண்ணுக்கு ஏற்றுக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு ஒவ்வொரு வினாவுக்கும் ஒரு அட்டவணை தயாரித்தேன். விடைக்குறிப்பின் தலைப்புகளை இடது பக்கம் எழுதி, அவற்றுக்கு எதிரே பாடநூலைப் பார்த்து, முழு மதிப்பெண்ணுக்கு விடையில் இருந்தே தீர வேண்டிய செய்தியையும், அரை மதிப்பெண்ணுக்குப் போதுமானதையும் எழுதுவேன். மூன்றாவதாக, 'மதிப்பெண் இல்லை' என்ற கட்டம் ஒன்று உண்டு. என் அனுபவத்தில் மிகவும் உழைப்பது அந்தக் கட்டம்தான், ஏனெனில் நமக்குப் பிடித்த வரிகள் பெரும்பாலும் அங்கேதான் போய் விழுகின்றன.

சம்பரான் விடையையே மறுபடியும் எடுத்துக்கொள்கிறேன். பின்னணிக்கு ஒரு மதிப்பெண் வேண்டுமானால், நிலத்தில் இருபதில் மூன்று பங்கில் அவுரி பயிரிட வேண்டும் என்ற தீன்காதியா முறை விடையில் வந்திருக்க வேண்டும். கட்டாயச் சாகுபடி என்று மட்டும் இருந்தால் அரை. 'சொல்லொணாத் துயரம் அடைந்தனர்' என்பதற்கு ஒன்றும் இல்லை. நான் கட்டாயச் சாகுபடியையும் துயரத்தையும்தான் எழுதியிருந்தேன், ஆகவே அரை. குத்தகை உயர்வை எழுதியிருந்தாலும், செயற்கைச் சாயத்தால் அவுரியின் சந்தை சரிந்ததைச் சொல்லாததால் அங்கும் அரை. ராஜ்குமார் சுக்லாவின் அழைப்பும் 1917 வருகையும் சரியாக இருந்தன, ஒன்று. காந்தி சிறையில் அடைக்கப்பட்டார் என்று எழுதியிருந்தேன். உண்மையில் மாவட்டத்தை விட்டு வெளியேறும் உத்தரவை அவர் மீறி, மோதிஹாரி நீதிமன்றத்தில் அதை ஒப்புக்கொண்டார், பின்னர் வழக்கு திரும்பப் பெறப்பட்டது. ஆகவே சுழி. முடிவுப் பகுதியில் விசாரணைக் குழு இருந்தது, ஆனால் தோட்ட முதலாளிகள் 25 விழுக்காட்டைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டதும் தீன்காதியா ஒழிந்ததும் இல்லை; அரை. மொத்தம் இரண்டரை. ஆசிரியர் தனியாகத் திருத்தியபோது மூன்று போட்டார்.

அட்டவணை இருந்தும் நான் ஏமாந்த இடங்கள் உண்டு. எழுதிய சூட்டோடு திருத்தினால், தாளில் இல்லாத செய்தியையும் மனம் நிரப்பிப் படித்துவிடுகிறது. குறைந்தது மூன்று நாள் கழித்தே இப்போது எடுக்கிறேன். அடிக்கோடு இல்லாமல் மதிப்பெண் இல்லை, ஒரு அடிக்கோட்டுக்கு ஒரே கட்டம் என்பதும் கட்டாயம். இல்லையெனில் ஒரே கருத்தை வேறு சொற்களில் இரண்டு முறை எழுதி இரண்டு இடத்தில் மதிப்பெண் வாங்கிக்கொள்வேன். ஐந்து விடைகள் சேர்ந்த பிறகு, எல்லாவற்றிலும் பின்னணியை முதலில், அடுத்து காரணத்தை என்று கட்டம் கட்டமாகத் திருத்துவது, நல்ல தொடக்கம் பிற்பகுதியின் ஓட்டையை மறைப்பதைத் தடுக்கிறது.

தீராத சிக்கல் ஒன்று: அட்டவணையைத் தயாரிப்பவனே விடையையும் எழுதுவதால், கட்டங்கள் மனப்பாடமாகி, மதிப்பெண் உயர்வது புரிதலால்தானா என்று தெரிவதில்லை. ஒரு பாடத்தின் எல்லா வினாக்களுக்கும் மொத்தமாக அட்டவணை எழுதி, உறையில் போட்டு, இரண்டு வாரம் கழித்து விடை எழுதுகிறேன். ஓரளவு பலன் இருக்கிறது.

'நியாயப்படுத்துக', 'திறனாய்வு செய்க' என்று கேட்கும் வினாக்களில் இம்முறை கை கொடுக்கவில்லை. செய்திகளை அடுக்கினாலே கட்டங்கள் நிரம்பிவிடுகின்றன, வாதம் இருக்கிறதா என்பதை அவை கேட்பதே இல்லை. அவற்றுக்கு மட்டும் செய்திக்கு மூன்றைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்து, மீதி இரண்டைத் தெருக்கோடி ஆசிரியரின் பேனாவுக்கு விட்டிருக்கிறேன்.